புரோஃபார்மா எது, டாக்ஸ் இன்வாய்ஸ் எது: ஃபீல்டுகளைப் பார்த்துப் பிரித்து, சரியாக என்ட்ரி போடுவது

பெங்களூரில் இப்போது அக்கவுண்ட்ஸ் வேலைக்குச் சேருகிறவர்கள் பில்லைப் பார்த்து டைப் அடிப்பது குறைந்துவிட்டது. பார்ட்டி மெயிலில் பிடிஎஃப் அனுப்புகிறார். சாஃப்ட்வேர் அதைப் படித்து நம்பர், தேதி, ஜிஎஸ்டி எண், வரி, மொத்தம் என்று தனித்தனி ஃபீல்டுகளாகத் திரையில் காட்டுகிறது. நாம் சரிபார்த்து போஸ்ட் செய்ய வேண்டியதுதான். இதில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது, புரோஃபார்மா இன்வாய்ஸை டாக்ஸ் இன்வாய்ஸாக நினைத்து பர்ச்சேஸ் என்ட்ரி போட்டுவிடும் இடத்தில்.

தடுமாறுவதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு தாளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். புரோஃபார்மாவிலும் ஜிஎஸ்டி எண், எச்எஸ்என் கோடு, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி எல்லாம் அச்சாகியிருக்கும். ஆனால் புரோஃபார்மா என்பது "இந்தச் சரக்கை இந்த விலைக்கு, இவ்வளவு வரியோடு தருவேன், அட்வான்ஸ் போடுங்கள்" என்று பார்ட்டி சொல்வது மட்டுமே. அதை வைத்து வரிக் கிரெடிட் எடுக்க முடியாது. கிரெடிட்டுக்கு எந்தெந்தத் தாள் செல்லும் என்று சிஜிஎஸ்டி விதி 36 பட்டியல் போடுகிறது. டாக்ஸ் இன்வாய்ஸும் டெபிட் நோட்டும் அதில் உண்டு, புரோஃபார்மா கிடையாது.

ஒரு கேஸை முழுதாகப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் பிடிபடும். உதாரணத்துக்காக நான் அமைத்த கேஸ் இது, ஆனால் ஓசூர் ரோடு கம்பெனிகளில் அடிக்கடி வரும் வகைதான்.

முதல் தாள்

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி. ஆபீசுக்கு 10 ஸ்டீல் பீரோ வாங்குகிறார்கள். ஒன்று 14,000 ரூபாய், ஏற்றி இறக்கிப் பொருத்த 5,000 ரூபாய். சப்ளையருக்கு பெங்களூரில் ஷோரூம், ஃபேக்டரி ஓசூரில். ஷோரூமிலிருந்து ஒரு பிடிஎஃப் வருகிறது. சாஃப்ட்வேர் பிரித்துக் கொடுத்தது இப்படி (ஜிஎஸ்டி எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை):

```
title        : TAX INVOICE
doc_no       : PI/BLR/2025-26/00417
doc_date     : 12-01-2026
seller_gstin : 29AAAAA0000A1ZX
taxable      : 145000.00
cgst, sgst   : 13050.00, 13050.00
total        : 171100.00
irn          : null
qr_present   : true
valid_till   : 27-01-2026
```

தலைப்பு ஃபீல்டில் `TAX INVOICE` என்று இருக்கிறது. இதைப் பார்த்தவுடன் போஸ்ட் செய்துவிடக் கூடாது. பிடிஎஃப்பைத் திறந்தால், மேலே நீலப் பட்டையில் வெள்ளை எழுத்தில் புரோஃபார்மா என்று இருக்கிறது. சாஃப்ட்வேர் அதைப் படிக்கவில்லை. தாளின் அடியில், டெலிவரியின்போது டாக்ஸ் இன்வாய்ஸ் தரப்படும் என்று நிபந்தனைகளில் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியிலிருந்த இரண்டு சொற்களைத்தான் தலைப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் தலைப்பு ஃபீல்டைக் கடைசியாகப் பாருங்கள். சில சமயம் பார்ட்டியே பழைய டெம்ப்ளேட்டில் தலைப்பை மாற்றாமல் அனுப்பியிருப்பார், அதுவும் நடக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது பில் நம்பர். டாக்ஸ் இன்வாய்ஸ் நம்பர் 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சிஜிஎஸ்டி விதி 46. எழுத்து, எண், ஹைஃபன், சாய்கோடு இவை மட்டும் வரலாம், ஒரு நிதியாண்டுக்குள் அதே நம்பர் திரும்ப வரக் கூடாது. மேலே உள்ள நம்பரை எண்ணிப் பாருங்கள். சாய்கோடு, ஹைஃபன் எல்லாம் சேர்த்து 20 வருகிறது. இந்த நம்பரில் சட்டப்படியான டாக்ஸ் இன்வாய்ஸ் இருக்க முடியாது. முன்னால் உள்ள `PI` என்ற எழுத்தும் ஜாடைதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சில கம்பெனிகளில் பர்ச்சேஸ் பிரிவோ, பிளான்ட்டின் பெயரோ அதே இரண்டு எழுத்தில் வரும். நீளம் 16-க்குள் இருந்தால் அது டாக்ஸ் இன்வாய்ஸ் என்றும் ஆகிவிடாது. குட்டி நம்பர் போட்ட புரோஃபார்மாக்கள் ஏராளம். நீளம் தாண்டினால் தள்ளலாம், தாண்டாவிட்டால் அடுத்த ஃபீல்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது `valid_till`. ஒரு விலை எந்தத் தேதி வரை நிற்கும் என்று சொல்வது விலைப்புள்ளியின் வேலை. நடந்து முடிந்த விற்பனைக்குக் காலாவதித் தேதி எதற்கு? இந்த ஃபீல்டில் ஒரு தேதி வந்திருந்தால் பெரும்பாலும் புரோஃபார்மாதான். ஆனால் சாஃப்ட்வேர் சில நேரம் பணம் கட்ட வேண்டிய கெடுத் தேதியை இந்த ஃபீல்டில் தூக்கிப் போட்டுவிடும். அதனால் பிடிஎஃப்பில் அந்தத் தேதிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

ஐஆர்என்னும் கியூஆரும்

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய கம்பெனிகள், இன்னொரு கம்பெனிக்கு விற்கும்போது இ-இன்வாய்ஸ் போட வேண்டும். 2023 ஆகஸ்ட் 1 முதல் இந்த வரம்பு நடைமுறையில் இருக்கிறது. பில் விவரத்தை அரசு போர்ட்டலில் ஏற்றினால் 64 எழுத்து நீளத்தில் ஒரு ஐஆர்என் கிடைக்கும். கூடவே அக்னாலட்ஜ்மென்ட் நம்பர், தேதி, கையொப்பமிட்ட கியூஆர் கோடு. அந்தப் போர்ட்டல் இன்வாய்ஸ், கிரெடிட் நோட், டெபிட் நோட் மூன்றை மட்டும்தான் வாங்கிக்கொள்ளும். புரோஃபார்மாவை ஏற்ற அங்கே வழியே இல்லை. அதனால் உண்மையான ஐஆர்என் இருந்தால் அது புரோஃபார்மாவாக இருக்க முடியாது.

"உண்மையான" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஐஆர்என்னில் 0 முதல் 9 வரை எண்களும் a முதல் f வரை எழுத்துகளும் மட்டுமே வரும். நீளமான வரி என்பதால் பிடிஎஃப்பில் இரண்டாக மடிந்திருக்கும், சாஃப்ட்வேர் முதல் பாதியோடு நிறுத்திவிடும். பூஜ்யத்தை ஆங்கில ஓ என்று படிப்பதும் வழக்கம். ஃபீல்டில் 64-க்குக் குறைவாகவோ, f-க்கு அப்பால் ஒரு எழுத்தோ தெரிந்தால் படித்ததில் கோளாறு. பில்லைக் குற்றம் சொல்லாமல் பிடிஎஃப்பில் பார்த்துத் திருத்துங்கள்.

`qr_present : true` என்ற ஃபீல்டு புதியவர்களை நன்றாக ஏமாற்றும். நம்முடைய முதல் தாளில் இருந்தது யுபிஐ கியூஆர், அட்வான்ஸ் போடுவதற்காக அச்சடித்தது. கியூஆர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் சாஃப்ட்வேருக்கு இரண்டும் ஒன்றுதான். ஜிஎஸ்டியின் கியூஆர் சரிபார்ப்பு ஆப்பில் ஸ்கேன் செய்தால் வித்தியாசம் உடனே தெரியும். இ-இன்வாய்ஸ் கியூஆருக்குள் விற்பவர், வாங்குபவர் ஜிஎஸ்டி எண்கள், பில் நம்பர், தேதி, மொத்தத் தொகை, ஐஆர்என் எல்லாம் இருக்கும். அதையும் திரையில் உள்ள ஃபீல்டுகளையும் ஒப்பிட்டால் சாஃப்ட்வேர் தப்பாகப் படித்ததும் சேர்ந்தே பிடிபடும். என்னைக் கேட்டால், பெரிய தொகை பில் எல்லாவற்றுக்கும் இதைச் செய்யலாம், அரை நிமிட வேலை.

ஐஆர்என் இல்லாததை மட்டும் வைத்து ஒன்றைப் புரோஃபார்மா என்று ஒதுக்கவும் முடியாது. சின்ன பார்ட்டிகளுக்கு அது தேவையில்லை. பாங்க், இன்ஷூரன்ஸ், சரக்கு லாரி ஏஜென்சி போன்றவற்றுக்கு விற்றுமுதல் எவ்வளவு இருந்தாலும் விலக்கு உண்டு. சந்தேகம் வந்தால் `einvoice1.gst.gov.in` தளத்தில் பார்ட்டியின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, இ-இன்வாய்ஸுக்கு இயக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். இயக்கப்பட்டிருந்தும் பில்லில் ஐஆர்என் இல்லையென்றால் பார்ட்டியைக் கேட்டே ஆக வேண்டும். இ-இன்வாய்ஸ் கட்டாயமான ஒருவர் அப்படிப் போடாமல் கொடுத்த பில்லை விதி 48(5) இன்வாய்ஸாகவே கணக்கில் எடுப்பதில்லை.

நம் கேஸில் நம்பர் 20 எழுத்து, காலாவதித் தேதி உண்டு, ஐஆர்என் இல்லை, கியூஆர் யுபிஐ. சரி, இது புரோஃபார்மாதான்.

புரோஃபார்மாவை என்ன செய்வது

பர்ச்சேஸ் என்ட்ரி கிடையாது. வரி லெட்ஜரைத் தொடவே கூடாது. சாஃப்ட்வேரில் டாக்குமென்ட் வகையைப் புரோஃபார்மா என்று மாற்றி, பர்ச்சேஸ் ஆர்டரோடு இணைத்து வையுங்கள். அந்த வசதி இல்லாத ஆபீஸில் ஒரு எக்செல் ரிஜிஸ்டர் போதும்: பார்ட்டி, புரோஃபார்மா நம்பர், தேதி, தொகை, கொடுத்த அட்வான்ஸ், வந்த டாக்ஸ் இன்வாய்ஸ் நம்பர். கடைசி நெடுவரிசை காலியாகவே இருக்கட்டும், அதற்கு வேலை இருக்கிறது.

நம் கம்பெனி ஜனவரி 15 அன்று பாதித் தொகையாக 85,550 ரூபாய் அட்வான்ஸ் அனுப்பியது. இப்போதுதான் முதல் என்ட்ரி:

```
Supplier (29) - Advance   Dr  85,550
   To Bank                    85,550
```

டாலியில் என்றால் பேமென்ட் வவுச்சரில் பில்வைஸ் விவரம் கேட்கும்போது `Advance` என்று தேர்ந்தெடுத்து, ரெஃபரன்ஸாகப் புரோஃபார்மா நம்பரைக் கொடுங்கள். `On Account` என்று விட்டுவிட்டால் பணம் எதற்காகப் போனது என்று இரண்டு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. தொகையில் வரி அடங்கியிருக்கிறதே என்று அதைப் பிரிக்க வேண்டாம், முழுத் தொகையும் அட்வான்ஸ்தான்.

இது சரக்கு என்பதால் அட்வான்ஸ் கட்டத்தில் வேறு சிக்கல் இல்லை. சரக்குக்கான அட்வான்ஸ் மீது சப்ளையர் அப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டாம் என்று 2017 நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். சேவைக்குக் கதை வேறு. ஏசி பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு அட்வான்ஸ் போட்டால், அந்த பார்ட்டி அட்வான்ஸ் மீதே வரி கட்டி ரசீது வவுச்சர் ஒன்று கொடுப்பார். அதில் வரி தெளிவாக எழுதியிருக்கும், ஆனாலும் அதை வைத்துக் கிரெடிட் எடுக்க முடியாது, டாக்ஸ் இன்வாய்ஸ் வரும் வரை காத்திருக்க வேண்டும். வருமான வரியின் டிடிஎஸ் மட்டும் காத்திருக்காது. பணம் கொடுப்பதோ கணக்கில் வரவு வைப்பதோ எது முந்துகிறதோ அப்போது பிடிக்க வேண்டும் என்பதால், சேவை அட்வான்ஸ் போகும்போதே பிடித்துவிடுங்கள்.

இரண்டாவது தாள்

ஜனவரி கடைசியில் லாரி வருகிறது. பத்தில் ஒரு பீரோ பெயின்ட் காயவில்லை என்று நிறுத்திவிட்டார்கள், ஒன்பதுதான் இறங்கியது. மெயிலில் வந்த தாளின் ஃபீல்டுகள்:

```
doc_type     : PROFORMA
doc_no       : TI/25-26/1183
doc_date     : 29-01-2026
pi_ref       : PI/BLR/2025-26/00417
seller_gstin : 33AAAAA0000A1ZY
copy_mark    : ORIGINAL FOR RECIPIENT
taxable      : 131000.00
igst         : 23580.00
total        : 154580.00
irn          : (64 characters)
```

இந்தத் தடவை சாஃப்ட்வேர் எதிர்ப்பக்கம் சறுக்கியிருக்கிறது. தாளில் ரெஃபரன்ஸாகப் புரோஃபார்மா நம்பர் இருப்பதால் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு இதைப் புரோஃபார்மா என்று முடிவுகட்டிவிட்டது. இப்படி ஒதுங்கும் பில்கள் ரிஜிஸ்டரில் தூங்கும், கிரெடிட் தவறிப்போகும். நாம் பார்ப்பது: நம்பர் 13 எழுத்து, ஐஆர்என் முழுதாக இருக்கிறது, `copy_mark` ஃபீல்டில் பெறுபவருக்கான அசல் என்ற குறி. இந்தக் குறி விதி 48-இல் டாக்ஸ் இன்வாய்ஸுக்காகச் சொல்லப்பட்டது. புரோஃபார்மாவில் யாரும் மெனக்கெட்டு அதை அச்சடிப்பதில்லை. ஆக, இது டாக்ஸ் இன்வாய்ஸ். வகையை மாற்றுங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி எண். புரோஃபார்மாவில் 29 என்று தொடங்கியது, இதில் 33. முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: 29 கர்நாடகா, 33 தமிழ்நாடு. ஷோரூம் விலை சொன்னது, சரக்கும் பில்லும் ஓசூர் ஃபேக்டரியிலிருந்து வந்தன. அத்திபெலே தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது, அதனால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போய் ஐஜிஎஸ்டி வந்திருக்கிறது. இதில் தப்பில்லை. வேறு கம்பெனி பில் என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னால் 3-ஆம் எழுத்திலிருந்து 12-ஆம் எழுத்து வரை ஒப்பிடுங்கள், அது பான் எண். பான் ஒன்றாக இருந்தால் ஒரே கம்பெனியின் இரண்டு பதிவுகள். புரோஃபார்மாவையும் டாக்ஸ் இன்வாய்ஸையும் ஜோடி சேர்க்கும்போது ஜிஎஸ்டி எண்ணை விட பான் பகுதியை வைத்துத் தேடுவதுதான் பெங்களூர்–ஓசூர் பார்ட்டிகளுக்குச் சரிப்படும்.

என்ட்ரி முழுக்க இந்தத் தாளில் உள்ளபடிதான். நம்பரும் தேதியும் தொகையும் எதுவும் புரோஃபார்மாவிலிருந்து வரக் கூடாது. பீரோ நம் சொந்த உபயோகத்துக்கு என்பதால் செலவுக்குப் பதில் சொத்துக் கணக்கில் போகிறது.

```
Office Furniture     Dr  1,31,000
Input IGST           Dr    23,580
   To Supplier (33)      1,54,580

Supplier (33)        Dr    85,550
   To Supplier (29)        85,550
```

இரண்டாவது ஜர்னல், ஷோரூம் பெயரில் கிடந்த அட்வான்ஸை ஃபேக்டரி பெயருக்கு மாற்றுகிறது. இதற்கு முன் பார்ட்டியிடம் "அந்த அட்வான்ஸை இந்த பில்லுக்கு எடுத்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி மெயில் வாங்கி வைப்பது நல்லது. மாற்றிய பிறகு `Agst Ref` மூலம் பில்லில் கழித்தால் பாக்கி 69,030 ரூபாய். அதைத்தான் அனுப்ப வேண்டும். புரோஃபார்மாவைப் பார்த்து மீதிப் பாதியான 85,550-ஐ அனுப்பியிருந்தால் வராத பீரோவுக்கும் வரியோடு காசு போயிருக்கும், 16,520 ரூபாய்.

தப்பு நடந்திருந்தால் எப்படித் தெரியும்

புரோஃபார்மாவையும் பர்ச்சேஸாக ஏற்றியிருந்தால் இந்தக் கேஸில் கிரெடிட் 26,100-ம் 23,580-ம் சேர்ந்து 49,680 ரூபாயாகக் காட்டும். எடுக்க வேண்டியது 23,580 மட்டும். சாஃப்ட்வேரின் டூப்ளிகேட் எச்சரிக்கை இதைப் பிடிக்காது. அது பார்ட்டியையும் பில் நம்பரையும் சேர்த்துத்தான் பார்க்கும், நம்முடைய இரண்டு தாளிலும் இரண்டுமே வேறு.

இதைக் காட்டிக்கொடுப்பது ஜிஎஸ்டிஆர்-2பி. சப்ளையர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஒவ்வொரு மாதமும் 14-ஆம் தேதி வாக்கில் அது தயாராகிவிடும். ஜனவரி பில் பிப்ரவரி 14-இல் தெரியும். புத்தகத்தில் இருந்து 2பி-யில் இல்லாத பில்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். பார்ட்டி இன்னும் ஏற்றாத பில்களும் அதில் இருக்கும், புரோஃபார்மாக்களும் அதில்தான் உட்கார்ந்திருக்கும். புரோஃபார்மா எந்த மாதத்திலும் 2பி-க்கு வரப்போவதில்லை. அதே பான், மூன்று நான்கு வாரத்துக்குள் ஒட்டிய தொகை, ஒன்று 2பி-யில் உண்டு, இன்னொன்று இல்லை என்றால் இல்லாததைத் திறந்து பாருங்கள்.

பார்ட்டியிடம் போனில் கேட்கும்போது "பில் அனுப்புங்க" என்று கேட்டால் வேலைக்கு ஆகாது. "அன்னிக்கே அனுப்பியாச்சே சார்" என்பார், அவர் சொல்வது புரோஃபார்மாவை. "டெலிவரிக்கு அப்புறம் போட்ட பில், ஐஆர்என் நம்பரோட வேணும்" என்று கேளுங்கள்.

மார்ச் மாதம் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். மார்ச் 27 தேதியிட்ட புரோஃபார்மாவுக்கு ஏப்ரல் 4-இல் டாக்ஸ் இன்வாய்ஸ் வந்தால், கிரெடிட் எடுப்பதற்கான கடைசிக் கெடு ஏப்ரல் தேதியின் நிதியாண்டை வைத்து ஓடும், அந்த ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை. மார்ச் 31 கணக்கில் நிற்க வேண்டியது கொடுத்த அட்வான்ஸ் மட்டும்.

மாதக் கடைசியில் ரிஜிஸ்டரைத் திறந்து, அட்வான்ஸ் போயும் டாக்ஸ் இன்வாய்ஸ் நம்பர் காலியாக இருக்கும் வரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வந்துவிட்டதா என்று ஸ்டோரில் முதலில் கேளுங்கள். வந்திருந்தால் பில் எங்கோ தப்பான ஃபோல்டரில் இருக்கிறது, அல்லது பார்ட்டி இன்னும் போடவில்லை. வராமல் ஆர்டரே ரத்தாகியிருந்தால் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு மெயில் போடுங்கள். நம் கேஸில் பத்தாவது பீரோவுக்கு ஃபேக்டரி தனியாக இன்னொரு டாக்ஸ் இன்வாய்ஸ் போடும், அதிலும் இதே `pi_ref` தான் இருக்கும். ஒரு புரோஃபார்மாவுக்கு இரண்டு பில் என்று ரிஜிஸ்டரில் அதற்கு அடியிலேயே இன்னொரு வரி சேர்த்து வையுங்கள்.